600 ரூபாய்க்கு விற்றது, 480-க்கு வாங்கியதா, 500-க்கு வாங்கியதா?

ஒரு வியாபாரி ஓர் இஸ்திரிப் பெட்டியை 600 ரூபாய்க்கு விற்கிறார். அவருக்குக் கிடைத்த லாபம் 20 சதவீதம். அவர் வாங்கிய விலை என்ன?

பள்ளிக்கூடத்தில் லாப நட்டக் கணக்குப் போட்ட எவரும் 500 என்று சொல்லிவிடுவார்கள். 500-க்கு 20 சதவீதம் 100, இரண்டும் சேர்ந்தால் 600, கணக்கு சரி. இப்போது அதே கேள்வியில் ஒரே ஒரு சொற்றொடரைச் சேர்த்துப் பார்க்கலாம்: அவருக்குக் கிடைத்த லாபம் ‘விற்ற விலையின் மீது’ 20 சதவீதம். விடை 480 ஆகிவிடுகிறது. 600-க்கு 20 சதவீதம் 120. அதைக் கழித்தால் மீதி 480.

இரண்டு விடைகளும் பைசா ஒட்டாத முழு எண்கள். கேள்வி எழுதுகிறவர் 600 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். விற்ற விலை 500 என்று கொடுத்திருந்தால் வழக்கமான வழியில் போகிறவருக்கு 416 ரூபாய் 67 பைசா என்று ஓர் அரைகுறை எண் வந்து, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று மணியடித்திருக்கும். 600 அந்த மணியை அடிக்க விடுவதில்லை. வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கிறவர்களை இந்த வகைக் கேள்வி பிடிப்பது இப்படித்தான். கணக்குத் தெரியாதவரை இது ஒன்றும் செய்யாது. நன்றாகத் தெரிந்து, கேள்வியைப் பாதியிலேயே புரிந்துகொண்டுவிட்டவரைத்தான் கவிழ்க்கும். எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. எனவே 500 என்று குறித்தவருக்கு மொத்த நட்டம் இரண்டரை.

பாடப்புத்தக விதி எளிமையானது. வேறொன்றும் சொல்லாதவரை லாபமோ நட்டமோ அடக்க விலையின் மீதுதான் கணக்கிடப்படும். அடக்க விலை என்பது வாங்கிய விலையோடு வண்டிச் சத்தம், பழுது பார்த்த செலவு போன்றவற்றையும் சேர்த்தது. இந்த விதியை மாற்ற வேண்டுமானால் கேள்வியே அதைச் சொல்ல வேண்டும். ‘விற்ற விலையின் மீது’, ‘விற்பனையில் இத்தனை சதவீதம்’, ‘விற்ற தொகையில் ஐந்தில் ஒரு பங்கு லாபம்’ என்று அது பல உருவங்களில் வரும். ‘லாபத்தைத் தவறுதலாக விற்ற விலையின் மீது கணக்கிட்டு 20 சதவீதம் என்கிறார், உண்மையான லாப சதவீதம் என்ன’ என்றும் வரும். அந்தக் கடைசி வடிவம் வியாபாரிக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறது. விற்ற விலையின் மீது லாபத்தைச் சொல்வது தவறோ ஏமாற்றோ அல்ல. கடைத்தெருவில் அதுதான் நடைமுறை. அதற்கான காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

இந்த வகைக் கணக்கைப் போட ஒரே ஒரு முடிவுதான் தேவை: எதை 100 என்று வைத்துக்கொள்வது? லாபம் அடக்க விலையின் மீது 20 என்றால் அடக்கம் 100, விற்பனை 120. லாபம் விற்ற விலையின் மீது 20 என்றால் விற்பனை 100, அடக்கம் 80. அதே 20 ரூபாயை இப்போது 80 ரூபாய் முதலோடு ஒப்பிட்டால் அது 25 சதவீதம். ஆக, விற்பனையில் 20 என்பதும் முதலில் 25 என்பதும் ஒரே லாபத்தின் இரண்டு பெயர்கள்.

சூத்திரமாக வேண்டுமென்றால், விற்பனையின் மீது y சதவீதம் என்பதை அடக்கத்தின் மீது மாற்ற 100y ÷ (100 − y). திருப்பி மாற்ற, அடக்கத்தின் மீது x சதவீதம் என்றால் விற்பனையின் மீது 100x ÷ (100 + x). ஆனால் சதவீதத்தைப் பின்னமாக்கிக்கொண்டால் சூத்திரத்தை நினைவில் வைத்திருக்கும் வேலையே இல்லை. விற்ற விலையில் ஐந்தில் ஒரு பங்கு லாபம் என்றால் மீதி நான்கு பங்கு அடக்கம். ஆகவே லாபம் அடக்கத்தில் நான்கில் ஒரு பங்கு. விற்பனையில் கால் பங்கு என்றால் அடக்கத்தில் மூன்றில் ஒன்று. விற்பனையில் மூன்றில் ஒன்று என்றால் அடக்கத்தில் பாதி. கீழே உள்ள எண்ணில் ஒன்றைக் குறைத்தால் போதும். எதிர்த் திசையில் போக ஒன்றைக் கூட்ட வேண்டும். மேலே உள்ள எண் ஒன்றாக இல்லாதபோதும் வழி இதுதான்: விற்பனையில் ஏழில் இரண்டு பங்கு லாபம் என்றால் அடக்கம் ஐந்து பங்கு, லாபம் அடக்கத்தில் ஐந்தில் இரண்டு, அதாவது 40 சதவீதம்.

இந்த ஒரு பிடி கிடைத்தவருக்கு, பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தெரியும் ஒரு கேள்வி ஒரே வரியில் முடிந்துவிடும். ‘அடக்க விலையின் மீது கணக்கிட்ட லாப சதவீதத்துக்கும் விற்ற விலையின் மீது கணக்கிட்ட லாப சதவீதத்துக்கும் வித்தியாசம் 5. அடக்க விலையின் மீது லாபம் எவ்வளவு?’ முறைப்படி போனால் இது இருபடிச் சமன்பாடு. பின்னத்தில் பார்த்தால் 5 சதவீதம் என்பது இருபதில் ஒன்று. இருபது என்பது நாலைந்து இருபது. கால் பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் உள்ள வித்தியாசம் இருபதில் ஒன்றுதான். எனவே அடக்கத்தின் மீது 25, விற்பனையின் மீது 20. வித்தியாசம் பன்னிரண்டில் ஒன்று என்று கேட்டால் மூன்றும் நான்கும் கண்ணில் படும். அடக்கத்தின் மீது 33⅓, விற்பனையின் மீது 25. எல்லா எண்களும் இப்படி வசமாகப் பிரியாது. ஆனால் தேர்வில் வருகிறவை பெரும்பாலும் பிரியும்படிதான் அமைக்கப்பட்டிருக்கும்.

இரண்டு சதவீதங்களுக்கும் இடையிலான இடைவெளி ஒரே சீராக இருப்பதில்லை. லாபம் சிறியதாக இருக்கும்போது எதன் மீது கணக்கிட்டாலும் பெரிய வேறுபாடு தெரியாது. விற்பனையில் 5 சதவீதம் என்பது முதலில் ஐந்தேகாலைக்கூட அவ்வளவாகத் தாண்டாது. விற்பனையில் 50 என்றால் முதலில் 100. விற்பனையில் 75 என்றால் முதலில் 300. அரிசி மண்டிக்காரர் இந்தக் குழப்பத்தோடு காலம் தள்ளிவிடலாம். கவரிங் நகை விற்கிறவரால் முடியாது.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. விற்ற விலையின் மீது லாபம் ஒருபோதும் 100 சதவீதத்தைத் தொட முடியாது. தொட வேண்டுமானால் பொருள் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டும். ஆகவே செய்தித்தாளில் ‘நூற்றுக்கு இருநூறு லாபம்’ என்று யாராவது எழுதினால், அது அடக்க விலையின் மீது சொன்னது என்று வேறெந்தத் தகவலும் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். நட்டத்தில் கதை தலைகீழாகிறது. 300 ரூபாய்க்கு வாங்கியதை 100 ரூபாய்க்குத் தள்ளிவிட்டவருக்கு அடக்கத்தின் மீது நட்டம் 66⅔ சதவீதம்தான். விற்ற விலையின் மீது அது 200 சதவீதம். அடக்கத்தின் மீது நட்டம் 100-க்கு மேல் போகாது. விற்பனையின் மீது எவ்வளவு வேண்டுமானாலும் போகும். மாற்றும் வழியும் எதிர்ப்புறம் திரும்பும். 600 ரூபாய்க்கு விற்றதில், விற்ற விலையின் மீது 20 சதவீதம் நட்டம் என்றால் நட்டம் 120, வாங்கியது 720. அடக்கத்தின் மீது அது 16⅔ சதவீதம். ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்றாகிறது. நட்டத்தில் விற்பனையைவிட அடக்கம் பெரியது என்பதால் கீழ் எண் கூடுகிறது. லாபத்துக்குப் படித்த குறுக்குவழியை அப்படியே நட்டத்துக்கும் போட்டு 25 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

மாணவர்கள் மனப்பாடமே செய்து வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பொருள்களை ஒரே விலைக்கு விற்று, ஒன்றில் 20 சதவீதம் லாபமும் மற்றதில் 20 சதவீதம் நட்டமும் வந்தால் மொத்தத்தில் என்ன? நட்டம் 4 சதவீதம். ஒவ்வொன்றையும் 1,200 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டால், முதல் பொருளின் அடக்கம் 1,000, இரண்டாவதன் அடக்கம் 1,500. போட்டது 2,500, வந்தது 2,400. ‘இருபதின் வர்க்கத்தை நூறால் வகு’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். இந்தக் கேள்வியிலேயே ‘விற்ற விலையின் மீது’ என்று சேர்த்துவிட்டால் முதல் பொருளின் அடக்கம் 960, இரண்டாவதன் அடக்கம் 1,440. கூட்டினால் 2,400. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை! இரண்டு சதவீதங்களும் ஒரே 1,200-இன் மீது எடுக்கப்பட்டவை. அதனால் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அடக்கத்தின் மீது கணக்கிடும்போது ஒரு 20 சதவீதம் 1,000-இன் மீதும் மற்றது 1,500-இன் மீதும் விழுந்தது. அந்த 4 சதவீத நட்டத்துக்குக் காரணம் அதுதான். மனப்பாடச் சூத்திரத்தை விட்டுவிட்டு எது 100 என்று கேட்கிறவருக்கு மட்டுமே இது புலப்படும்.

சரி, அடக்க விலைதானே இயல்பான அடிப்படை? போட்ட முதலுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதுதானே லாபம்? கடைக்காரர் ஏன் விற்பனையைப் பிடித்துக்கொள்கிறார்?

ஏனென்றால் அன்றாடம் அவர் கண் முன் இருக்கும் எண் அதுதான். இரவு கல்லாவை எண்ணினால் அன்றைய விற்பனை தெரிந்துவிடும். அன்று போன ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய விலை என்ன என்று பில் பில்லாகப் புரட்டினால்தான் அடக்கம் தெரியும். விற்பனையில் நூற்றுக்கு இருபது நிற்கும் என்று தெரிந்தவருக்கு, 15,000 ரூபாய் கல்லாவில் இருந்தால் 3,000 தன்னுடையது என்று உடனே தெரிகிறது. வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அந்த விற்பனைப் பணத்திலிருந்துதான் போக வேண்டும் என்பதால் அவற்றையும் விற்பனையில் இத்தனை பங்கு என்று பார்ப்பதே வசதி. கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் வரும் மொத்த லாப விகிதம், நிகர லாப விகிதம் இரண்டும் விற்பனையின் மீது கணக்கிடப்பட்டவைதான். வருமான வரித் துறையும் இப்படித்தான் யோசித்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, கணக்குப் புத்தகம் எழுதாத சிறு வியாபாரியின் வருமானத்தை அவருடைய மொத்த விற்பனையில் 8 சதவீதம் என்றும், வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த தொகைக்கு 6 சதவீதம் என்றும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. கொள்முதல் எவ்வளவு என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

இரண்டு வழக்கங்களும் அருகருகே நிற்பதைப் பார்க்க மருந்துக் கடைதான் தோதான இடம். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 20 சதவீதம், மொத்த விநியோகஸ்தருக்கு 10 சதவீதம் என்பது இந்திய மருந்து வியாபாரத்தில் நெடுநாள் வழக்கம். இந்த 20 சதவீதம் அட்டையில் அச்சிட்ட விலையிலிருந்து வரியை நீக்கிவிட்டு, மீதியின் மீது எடுக்கப்படுவது. அதாவது விற்பனையின் மீது.

ஒரு மாத்திரை அட்டையின் எம்.ஆர்.பி. 105 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதை நீக்க 105-இல் 5 சதவீதம் கழிக்கக் கூடாது. வரி என்பது வரிக்கு முந்தைய விலையின் மீது போடப்படுவது. எனவே 105-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 100. (இங்கேயும் அதே கேள்விதான், எது 100?) அந்த 100-இல் கடைக்காரரின் 20 போக, அவர் விநியோகஸ்தருக்குக் கொடுப்பது 80. விநியோகஸ்தரின் 10 சதவீதம் அவருடைய விற்ற விலையான 80-இன் மீது. அது 8 ரூபாய். ஆக, கம்பெனி 72 ரூபாய்க்கு அவருக்குக் கொடுக்கிறது.

இதை அடக்கத்தின் மீது பெயர்த்தால் கடைக்காரர் 80 போட்டு 20 எடுக்கிறார், 25 சதவீதம். விநியோகஸ்தர் 72 போட்டு 8 எடுக்கிறார், 11 சதவீதத்துக்குச் சற்று மேல். இருவருக்கும் சேர்த்து 30 சதவீதம் என்று வெளியே பேசுவார்கள். ஆனால் 20-உம் 10-உம் வெவ்வேறு விலைகளின் மீது எடுக்கப்பட்டவை. கடைசி விலையான 100-இல் இருவரும் சேர்ந்து எடுப்பது 28-தான். கம்பெனி கொடுத்த 72-இன் மீது பார்த்தால் அதே 28, கிட்டத்தட்ட 39 சதவீதம். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்பது என்று மூன்று பேர் மூன்று எண் சொன்னாலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை.

இனி, விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. இங்கே மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை பேசுகிறது. உச்ச விலையை நிர்ணயிக்கும்போது கடைக்காரருக்கான பங்காக, கடைக்காரர் வாங்கும் விலையில் 16 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. வழக்கம் விற்பனையின் மீது சொன்னதை, சட்டம் அடக்கத்தின் மீது சொல்கிறது. 20-க்கும் 16-க்கும் வித்தியாசம் 4 என்று நினைத்தால் தப்பு. 100-க்கு வாங்கி 116-க்கு விற்கிறவருக்கு விற்பனையின் மீது கிடைப்பது 13.8 சதவீதம். ஒரே அளவுகோலில் வைத்தால் ஒப்பிட வேண்டியது 20-ஐயும் 13.8-ஐயும், அல்லது 25-ஐயும் 16-ஐயும்.

கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2021 ஜூனில், விநியோகஸ்தர் வாங்கும் விலையின் மீது 70 சதவீதத்துக்கு மேல் வியாபார லாபம் வைக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. அதுவரை இந்த லாபம் 198 சதவீதம் வரை போயிருந்ததாக அரசு சொன்னது. 198 என்ற எண்ணைக் கண்டதுமே அடிப்படை அடக்க விலை என்று சொல்லிவிடலாம், 100-ஐத் தாண்டிவிட்டதே. அதையே வரிக்கு முந்தைய விற்பனை விலையின் மீது சொன்னால் 66 சதவீதம். வரம்பாக விதிக்கப்பட்ட 70, 41 ஆகிவிடும். லாபத்தைப் பெரிதாகக் காட்ட விரும்புகிறவர் அடக்கத்தையும், சிறிதாகக் காட்ட விரும்புகிறவர் விற்பனையையும் கையில் எடுத்துக்கொள்ள முடியும் என்பது இந்த எண்களில் தெரிகிறது. ஆணையம் விநியோகஸ்தரின் கொள்முதல் விலையை வெளிப்படையாக அடிப்படையாக்கியதால் அந்த விளையாட்டுக்கு இடமில்லாமல் போனது.

தேர்வுத்தாளில் இந்தக் குழப்பத்துக்கு விலை இரண்டரை மதிப்பெண். கடை திறப்பவருக்கு விலை அதிகம். புதிதாகச் சேலைக் கடை வைக்கும் ஒருவர், தன் கணக்குப் பிள்ளையிடம் கேட்டு, விற்பனையில் நூற்றுக்கு 30 நின்றால்தான் கட்டுப்படியாகும் என்று தெரிந்துகொள்கிறார். அதில் 25 வாடகைக்கும் சம்பளத்துக்கும் மற்றச் செலவுகளுக்கும் போகும், 5 அவருக்கு. சரி என்று 1,000 ரூபாய்க்கு வாங்கிய சேலையின் மீது 300 ஏற்றி 1,300 என்று சீட்டு ஒட்டுகிறார். அவர் ஏற்றியது அடக்கத்தின் மீது 30. விற்பனையின் மீது அது 23 சதவீதம்தான். 1,300-இல் கால் பங்கான 325 செலவுக்குப் போக வேண்டும், கையில் நிற்பதோ 300. கடை நிறையக் கூட்டம் இருக்கும், ஒவ்வொரு சேலைக்கும் 25 ரூபாய் கைப்பிடித்தம் ஆகிக்கொண்டே இருக்கும். கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடும். சரியான விலைக்கு 1,000-ஐ 0.7-ஆல் வகுத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1,430 ரூபாய்.

ஆடி மாதம் வந்ததும் இந்தப் பிசகு இன்னொரு முறை கடிக்கும். தள்ளுபடி எப்போதும் குறித்த விலையின் மீதுதான், அதாவது விற்கும் பக்கத்து விலையின் மீது. 30 சதவீதம் லாபம் வைத்திருக்கிறோம், 30 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அசல் வந்துவிடும் என்று நம்பி 1,300 ரூபாய்ச் சேலைக்கு 30 சதவீதம் தள்ளினால் கைக்கு வருவது 910. முதலிலேயே 90 ரூபாய் ஓட்டை. 1,300-இலிருந்து 23 சதவீதம் வரை தள்ளினால்தான் அசல் மிஞ்சும். விலையை 1,430 என்று வைத்தவர் 30 சதவீதம் தள்ளினாலும் ஒரு ரூபாய் மேலேயே நிற்பார். பழக்கப்பட்ட ஜவுளிக்காரர்கள் விற்பனையின் மீது லாபத்தைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த எண், எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இந்தக் கணக்கு வியாபாரியை மிகவும் சோதிப்பது கடையில் தீப்பிடிக்கும்போது. எரிந்த சரக்கை எண்ண முடியாது. காப்பீட்டு நிறுவனத்திடம் எவ்வளவு கேட்பது? கணக்குப் பதிவியல் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்த முறை ஒன்று உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கோடு, தீ நாள் வரை வாங்கியதைக் கூட்டி, விற்றுப்போனதன் அடக்கத்தைக் கழித்தால் மீதி இருந்திருக்க வேண்டிய சரக்கு கிடைக்கும். விற்றுப்போனதன் அடக்கம் நேரடியாகத் தெரியாது. விற்பனைத் தொகைதான் தெரியும். முந்தைய ஆண்டுகளின் வியாபாரக் கணக்கிலிருந்து விற்பனையின் மீதான மொத்த லாப விகிதத்தை எடுத்து, அதை வைத்துப் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஏப்ரல் 1-இல் சரக்கு 2 லட்சம், அதன் பிறகு கொள்முதல் 9 லட்சம், விற்பனை 10 லட்சம், லாப விகிதம் விற்பனையில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். விற்றதன் அடக்கம் 8 லட்சம். 11 லட்சத்தில் அது போக, எரிந்த சரக்கு 3 லட்சம். அந்த 20-ஐ அடக்கத்தின் மீது என்று எடுத்துக்கொண்டு 10 லட்சத்தை 1.2-ஆல் வகுத்துவிட்டால் அடக்கம் 8,33,333 ஆகும், சரக்கு 2,66,667 ஆகிவிடும். கடைக்காரர் தனக்கு வர வேண்டியதில் 33,333 ரூபாயைத் தானே விட்டுக்கொடுக்கிறார். எதிர்ப்பக்கமும் சறுக்கலாம். அடக்கத்தின் மீது 25 என்று மனத்தில் வைத்திருப்பவர் அதை விற்பனையின் மீது போட்டால் விற்றதன் அடக்கம் ஏழரை லட்சமாகக் குறைந்து, கோரிக்கை மூன்றரை லட்சமாக ஊதிவிடும். மதிப்பீடு செய்ய வரும் சர்வேயர் பழைய வியாபாரக் கணக்குகளை எடுத்துப் பார்த்த உடனே அந்த 50,000 வெட்டப்படும்.

விகிதத்தைச் சரியாக எடுத்துக்கொண்ட பிறகும் அவர் ஒன்றைத் தேடுவார். அந்த 10 லட்சம் விற்பனையில் வழக்கமான லாபத்தில் போகாத சரக்கு ஏதும் உண்டா? 80,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய சரக்கை ஆடியில் 60,000-க்குத் தள்ளியிருந்தால் அதற்கு 20 சதவீத விகிதம் பொருந்தாது. அதைத் தனியே பிரித்து, மீதி 9,40,000-க்கு மட்டும் விகிதத்தைப் போட வேண்டும். 7,52,000 அடக்கம், அதோடு பழைய சரக்கின் 80,000, ஆக 8,32,000. எரிந்தது 3 லட்சம் அல்ல, 2,68,000.